இரண்டு கோடுகளும் ஒரு நியமமும்

கரியமில வாயுவின் இராமன் நிறமாலையில், சமச்சீர் நியமம் எதிர்பார்க்கும் ஒரே கோட்டிற்குப் பதிலாக, சென்டிமீட்டருக்கு 1285, 1388 அலைகள் என இரு வலிய கோடுகள் தோன்றுவதால் புள்ளிக் குல சாஸ்திரமே பொய்த்துவிட்டது என்று எழுதியிருக்கும் நண்பர், அந்தச் சாஸ்திரத்தைப் பாதியில் மூடிவைத்துவிட்டார்.

நேர்கோடாய் அமைந்த அம்மூலக்கூறின் நடுவில், கார்பன் இருக்குமிடத்தில், தலைகீழ்ச் சமச்சீரின் மையம் இருப்பதால், அம்மையத்தைப் பொறுத்துக் குறி மாறாத அதிர்வு அகச்சிவப்பிலும், குறி மாறும் அதிர்வு இராமனிலும் தோன்ற இயலாது. ஆகவே இரு ஆக்ஸிஜன்களும் ஒருசேர விலகும் நீட்சி இராமனுக்கும், 667-இல் நிகழும் வளைவு அகச்சிவப்புக்கும் உரியவை. இதுவரை நண்பருக்குச் சம்மதமே.

ஆனால் வளைவின் இரட்டிப்பில் குறி இருமுறை மாறிப் பழையபடி ஆகிவிடுகிறது. அதன் ஒரு கூறு நீட்சியின் சமச்சீர் வகையையே முற்றும் ஒத்து, ஆற்றலிலும் 1334-ஐ ஒட்டி நீட்சிக்கு வெகு அண்மையில் நிற்பதால், இரண்டும் கலந்து, ஒன்றையொன்று தள்ளி, இரு கோடுகளாகின்றன என்று ஃபெர்மி 1931-லேயே விளக்கிவிட்டார். வகை ஒத்திராவிடில் அக்கலப்பே நேர்ந்திராது. இரு ஆக்ஸிஜன்களும் ஒரே ஐசோடோப்பாயுள்ள, மோதல்களால் குலையாத மூலக்கூறின் அகச்சிவப்பு நிறமாலையில் அவ்விரு கோடுகளில் ஒன்றையேனும் நண்பர் காட்டட்டும்.