சூட்டின் மேல் பழி போடாதீர்கள்

சிறுநீர் மஞ்சளாகப் போனால் சூடு. எரிந்தால் சூடு. சிவந்து போனால் ரொம்பச் சூடு. கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பைத் தடவி, ஓர் இளநீரோ ஒரு சொம்பு நீர்மோரோ குடித்துவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் சரியாகிவிடும் என்பது நம் வீட்டு வைத்தியம். பாதி நேரம் அது பலிக்கவும் செய்கிறது. வம்பே அங்கேதான்.

பலிப்பதற்குக் காரணம் எளியது. பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் யூரோபிலின் என்ற சாயம்தான் சிறுநீருக்கு மஞ்சள் தருகிறது. நாளுக்கு நாள் அது வெளியேறும் அளவு பெரிதாக மாறுவதில்லை. மாறுவது அதைக் கரைக்கிற தண்ணீர்தான். வெயிலில் வியர்த்துக் கொட்டினால் சிறுநீரகம் தண்ணீரை இறுக்கிப் பிடிக்கிறது, நிறம் கூடுகிறது. இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்காததால் காலையில் முதலில் போவது அடர்த்தியாக இருப்பதும் இதனால்தான். அமெரிக்க விளையாட்டு விஞ்ஞானி லாரன்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1994-இல் 8 படிநிலை கொண்ட நிற அட்டை ஒன்றை வெளியிட்டார். அதுவும் இந்தக் கணக்கில் அமைந்ததே. ஆகவே வெளிர் மஞ்சள் என்றால் தண்ணீர் போதும், அடர் மஞ்சள் என்றால் குடிக்க வேண்டும் என்று தோராயமாகச் சொல்லலாம். இளநீரில் வேறு மாயம் இல்லை. பானைத் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும்.

இந்தக் கணக்கு மஞ்சளின் அடர்த்திக்கு மட்டும்தான் செல்லும். நாமோ அதைச் சிவப்புக்கும் பழுப்புக்கும் நீட்டிவிடுகிறோம். அதைத்தான் மறுக்கிறேன்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. காலையில் போகும் முதல் சிறுநீரைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த இரண்டு முறை போவதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கழிப்பறைக் கோப்பையில் பார்த்தால் அங்கே நிற்கும் தண்ணீர் நிறத்தைக் குறைத்துக் காட்டும். வெளிறினால் தண்ணீர்ப் பற்றாக்குறைதான். (சிறுநீரகக் கோளாறுக்கோ இதயக் கோளாறுக்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் இதைச் செய்யக் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் இது உதவாது. மிகுதிச் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால், உடல் வறண்டிருக்கும்போதும் அவருக்குச் சிறுநீர் வெளிறியே போகும்.) பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டவருக்குப் பளிச்சென்ற மஞ்சள் வந்தால் பயப்பட வேண்டாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு ஆரஞ்சாகப் போவதும் மருந்தின் நிறம்தான்.

எவ்வளவு குடித்தும் கட்டன் சாயா நிறத்திலேயே போனால், நுரையும் மஞ்சளாக இருந்தால், பித்தம் கலந்திருக்கலாம். கூடவே மலம் வெளிறியிருந்தால், உடம்பு அரித்தால் சந்தேகம் வலுக்கிறது. கண் மஞ்சளாகும் முன்பே சிறுநீர் காட்டிக்கொடுத்துவிடுவதுண்டு. கீழாநெல்லியை அரைக்கும் முன் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பித்தக் குழாயைக் கல் அடைத்திருந்தால் இலை என்ன செய்யும்?

இதைவிடப் பெரிய ஏமாற்று சிவப்பில் இருக்கிறது. முப்பது வருஷம் பீடி குடித்த, ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஒரு நாள் சிவப்பாகப் போகிறது. வலியில்லை, எரிச்சலில்லை, முந்தின நாள் பீட்ரூட்டும் சாப்பிடவில்லை. வீட்டில் சூடு என்கிறார்கள், இளநீர் வருகிறது. மறுநாள் தெளிவாகப் போகிறது. இளநீர் ஜெயித்துவிட்டது என்றே எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் சிறுநீர்ப்பையில் வளரும் புற்றுக்கட்டியில் இப்படித்தான் ரத்தம் கசியும்: ஒரு நாள் வரும், நிற்கும், வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது. ரத்தம் தானாக நின்றதற்கு இளநீர் பெயர் வாங்கிக்கொள்கிறது. அடுத்த முறை கட்டி கட்டியாக ரத்தம் வரும்போது நோய் தசைக்குள் இறங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்திருக்கக் கூடிய கட்டிக்கு, அப்போது பையையே அகற்ற வேண்டி வரலாம்.

வலி இருந்தால் ஆளுக்குப் பயம் வந்து ஓடிப்போய்க் காட்டுவார். சிறுநீரகக் கல் இருப்பவர்கள் தப்புவது அதனால்தான். வலியில்லாத சிவப்பைத்தான் வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே ஒரே ஒரு முறை வந்து நின்றிருந்தாலும் சிறுநீரியல் நிபுணரிடம் போங்கள். பரிசோதனைக்குக் கொடுக்கும் அன்று தெளிவாகப் போனால், "இப்போது இல்லை, போன வாரம் சிவப்பாக வந்தது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முடிந்தால், சிவப்பாக வந்த அன்றே போனில் எடுத்த படத்தைக் காட்டுங்கள். மைக்ராஸ்கோப்பில் சிவப்பணுக்கள் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள், வயிற்றை ஸ்கேன் எடுப்பார்கள். வயதையும் புகைப்பழக்கத்தையும் பார்த்து, சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள்; சின்னக் கட்டி ஸ்கேனுக்குத் தப்பிவிடுவதுண்டு.