ஆளைப் பார்த்து வெடிக்கும் கோபம்

"அவருக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. ஆனா மனசுல ஒண்ணும் கிடையாது." நம் வீடுகளில் ஆண்களுக்காகப் பெண்கள் வழங்கும் நற்சான்றிதழ் இது. என் மனைவி என்னைப் பற்றித் தன் அம்மாவிடம் போனில் இதைச் சொன்னதை ஒருநாள் கேட்டேன். கேட்ட கணத்தில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இன்று அந்தச் சான்றிதழைக் கிழித்துப் போடத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஊட்டியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறேன். வீடு லவ்டேலில். மே மாதத்தில் எங்கள் வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரே ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். மலர்க் கண்காட்சி சமயம். காலை பதினோரு மணிக்கு ஒரு குடும்பம் இ-பாஸ் எடுக்காமல் வந்து சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டது. 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வர அது கட்டாயம். அது தெரியாமல் போனதற்கும் நான்தான் காரணம் என்று போனில் திட்டு. மூன்று மணிக்கு வெந்நீர் வரவில்லை என்று இன்னொருவர் எல்லார் முன்னாலும் "நீயெல்லாம் எதுக்குய்யா இங்க உக்காந்திருக்க?" என்றார். நான் சிரித்தேன். "சாரி சார், உடனே பாக்கிறேன் சார்." ஐந்து மணிக்கு அதே விஷயத்துக்கு மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். அங்கேயும் தலையாட்டினேன். லவ்டேலுக்குச் சாதாரண நாளில் கால் மணி நேரத்தில் போய்விடலாம். அன்று பஸ் ஊர்ந்து ஊர்ந்து ஒரு மணி நேரம் ஆக்கியது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மனசு அமைதியாகத்தான் இருந்தது, சத்தியமாக. எட்டு வயது மகள் பால் டம்ளரைத் தட்டிவிட்டாள். அடுத்த நிமிடம் நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

இப்போது அந்தச் சான்றிதழுக்கு வருவோம். கண்ணு மண்ணு தெரியாத கோபம் என்றால், அது மூன்று மணிக்கே அந்த வாடிக்கையாளர் மேல் பாய்ந்திருக்க வேண்டும். பாயவில்லை. மேனேஜர் அறையிலும், பஸ்ஸில் காலை மிதித்தவரிடமும் வாய் திறக்கவில்லை. எங்கே வேலை போகும், எங்கே அடி விழும், எங்கே ஒன்றும் ஆகாது என்று அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு நாள் முழுக்கக் கட்டுப்பாட்டோடு இருந்தவனைப் பார்த்து "கட்டுப்படுத்த முடியாதவன்" என்று சொல்வது என்ன நியாயம்?

இதற்கு இன்னொரு சாக்கும் வைத்திருக்கிறோம்: "பிரஷர், பாஸ். எங்கயாவது வெளிய விட்டாத்தானே?" எங்கள் மலையில் இந்த உவமையைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி இன்ஜின் மூச்சு வாங்கிக்கொண்டு குன்னூர் வரை ஏறும், அங்கே டீசலுக்கு மாறும். ஆவியை விடாவிட்டால் கொதிகலன் வெடிக்கும், உண்மைதான். ஆனால் மனிதன் கொதிகலன் இல்லை. 2002-இல் பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் அறுநூறு கல்லூரி மாணவர்களைக் கோபப்படுத்திவிட்டுச் சிலரைக் குத்துச்சண்டைப் பையைக் குத்தவிட்டார். தன்னைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்தியவர்களுக்குத்தான் கடைசியில் கோபம் அதிகமாக இருந்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள். கொட்டினால் தீராது, பழகும்.

அப்படியென்றால் மூன்று மணி அவமானம் ஏழு மணிப் பால் டம்ளர் வரைக்கும் எப்படி வந்தது? டோல்ஃப் ஸில்மன் என்பவர் 1970-களில் இதைச் சோதித்துப் பார்த்தார். ஆட்களைச் சீண்டிவிட்டு, சைக்கிள் மிதிக்கவைத்து, பிறகு பழிவாங்க ஒரு வாய்ப்புக் கொடுத்தார். மிதித்து இறங்கிய உடனே வாய்ப்புக் கிடைத்தவர்களைவிட, சில நிமிடம் கழித்துக் கிடைத்தவர்கள்தான் கடுமையாகப் பழிவாங்கினார்கள். இறங்கிய உடனே மூச்சு வாங்குகிறது, இதயம் அடிக்கிறது, இது சைக்கிளால் வந்தது என்று ஆளுக்குத் தெரிகிறது. கொஞ்ச நேரம் போனதும் மூச்சு சீராகிறது, "சரியாயிட்டேன்" என்று நினைக்கிறான். உடம்பு மட்டும் இன்னும் முழுசாக இறங்கியிருக்காது. அந்த நேரத்தில் யார் எதிரே வந்தாலும், உள்ளே மிச்சமிருக்கும் அந்தச் சூட்டை அவர்கள் கணக்கில் எழுதிவிடுகிறான்.

எனக்கு இதைப் படித்தபோதுதான் உறைத்தது. கொதித்துக்கொண்டிருந்த ஐந்து மணியைவிட, "அமைதியாக" வாசல்படி ஏறிய ஏழு மணிதான் ஆபத்தான நேரம். அதிலும் பஸ்ஸில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த ஆளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு ஒத்திகையும் அடுப்பில் இன்னொரு விறகு. தானாக ஆறியிருக்க வேண்டியதை நான்தான் சூடு குறையாமல் வீடு வரைக்கும் சுமந்து வந்தேன்.

அதனால் "கோபம் வருதா?" என்று என்னை நானே கேட்பதை விட்டுவிட்டேன். "இல்லையே" என்றுதான் பதில் வரும். வேறு மூன்றைக் கவனிக்கிறேன். ஒன்று, உடம்பு: மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கிறதா, பஸ் கம்பியைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடித்திருக்கிறேனா. இரண்டு, அந்த ஒத்திகை: மனசுக்குள் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேனா. மூன்றாவதுதான் கடைசி மணி: சின்ன விஷயங்களில் எல்லாம் "வேணும்னே பண்றாங்க" என்று தோன்றுவது. கண்டக்டர் வேணும்னே சில்லறை தரவில்லை, மகள் வேணும்னே செருப்பை வழியில் போட்டிருக்கிறாள். இந்த "வேணும்னே" வந்துவிட்டால் பால் டம்ளருக்கு நான் தயார் என்று அர்த்தம்.

அப்படிப்பட்ட நாளில் நேராக வீட்டுக்குப் போவதில்லை. லவ்டேல் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து போனில் ஒரு வரி எழுதுகிறேன்: "மூணு மணி, வெந்நீர், எல்லார் முன்னாடியும்." கவிதை எல்லாம் இல்லை, ரசீது. இந்தச் சூடு யாருடைய கணக்கு என்று எழுதிவைத்தால் அதை மகள் பெயரில் போடுவது கஷ்டம். பிறகு கால் மணி நேரம் நடை.

"வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் யாரும் என்னைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். கத்துவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அந்த அரை மணி நேரத்தை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். என் மனைவியும் வேலைக்குப் போய்த்தான் வருகிறாள். வந்த கையோடு அடுப்படிக்குள் போகிறாள். அவளுக்கு யார் பெஞ்ச் போட்டார்கள்? அதனால் என் நேரத்தை வழியிலிருந்து எடுக்கிறேன், அவளிடமிருந்து எடுப்பதில்லை.

இதற்கு எல்லை உண்டு. எனக்குச் சிரிக்கச் சம்பளம் கொடுக்கும் இடத்தின் வேலை நேரத்தை இந்தப் பெஞ்ச் மாற்றாது, அந்தச் சண்டை தனி. கை ஓங்குபவர்களுக்கும் இது மருந்தாகாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்லால் செய்யும் கொடுமையையும் வன்முறை என்றுதான் சொல்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண் அதற்காகவும் இருக்கிறது. அங்கே "மனசுல ஒண்ணும் கிடையாது" செல்லாது.

பால் கொட்டிய மறுநாள் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லப்பா, நீ கேட்டைத் தொறக்கிற சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றாள். என்னை ஒரு எட்டு வயசுக் குழந்தை இவ்வளவு நுணுக்கமாகக் கற்று வைத்திருக்கிறாள். என் அளவுமானியை நான் பார்க்காததால் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையிலிருந்து அவளை விடுவிப்பது என் பொறுப்பு.