பெட்டிக்குள் பொருந்தும் பற்றரி, சார்ஜருக்குப் பொருந்துமா?

யுத்த காலத்தில் ரோச் லைற் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களுக்கு, வீட்டில் சேமித்து வைத்த மின்சாரத்தின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது இன்வேட்டரும் பற்றரியும் மீண்டும் பேசுபொருளாகின. அப்போது வாங்கிய ஈய அமில பற்றரிகள் இப்போது ஓயத் தொடங்கும் வயதில் இருக்கின்றன. அவற்றின் இடத்துக்கு லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி வருகிறது. "பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினால் போதும்" என்றுதான் அதை விற்கிறார்கள். பூட்டலாம். ஆனால் பூட்டிய பிறகுதான் பிரச்சினை தொடங்குகிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே 150 அம்பியர் மணி ஈய அமில பற்றரி இருக்கிறது. அதைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால், உண்மையில் பயன்படுவது ஏறத்தாழ 900 வாற் மணி. அதற்குப் பதிலாக வரும் 100 அம்பியர் மணி லித்தியம் பற்றரியில் 80 சதவீதத்தைத் தயங்காமல் எடுக்கலாம். அது ஏறத்தாழ 1,000 வாற் மணி. இரண்டு மின்விசிறி, மூன்று எல்ஈடி விளக்கு, ஒரு ரௌட்டர் சேர்ந்து 160 வாற் என்றால், இன்வேட்டரில் வீணாவது போக ஐந்து மணித்தியாலம் அளவில் ஓடும். சிறிய பற்றரிதான், வேலை குறையாது. இதுவரை கடைக்காரர் சொன்னது சரி.

இனி சார்ஜரைப் பார்ப்போம். லித்தியம் பற்றரிக்குள் 3.2 வோல்ற் கலங்கள் நான்கு தொடராக இருக்கின்றன. முழுதாக ஏற்றும்போது உச்ச எல்லை 14.6 வோல்ற். ஈய அமில பற்றரிக்கான சில சோலார் கொன்ரோலர்களும் இன்வேட்டர்களும் கலங்களைச் சமப்படுத்த இடையிடையே 15 வோல்ற்றைத் தாண்டி ஏற்றும். அப்படி ஏற்றினால் பற்றரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். நல்ல வெயிலில் இது நடந்தால், போக இடமில்லாத சூரியப்படல் மின்சாரம் கொன்ரோலரையும் அதோடு இணைந்த விளக்குகளையும் தாக்கலாம். எனவே `LFP` அல்லது `Li` என்ற தெரிவு இருந்தால் அதில் வையுங்கள். இல்லாவிட்டால் சமப்படுத்தலை நிறுத்தி, உச்சத்தை 14.2 முதல் 14.4 வோல்ற்றுக்குள் வைக்கவேண்டும். இரண்டும் முடியாத சார்ஜர் என்றால் அதையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

மறுமுனையில் இன்னொரு பொறி இருக்கிறது. பழைய இன்வேட்டர் 10.5 வோல்ற் வரை பற்றரியை இறக்கும். லித்தியமோ நெடுநேரம் 13 வோல்ற் அருகிலேயே நின்றுவிட்டு, கடைசியில் சடுதியாக விழும். அதனால் இன்வேட்டரின் பற்றரி அளவுக் கோடுகளை நம்பமுடியாது. 12 வோல்ற்றில் மிஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்குக் கீழும் இறக்கினால் பாதுகாப்புச் சுற்று முதலில் துண்டிக்கும். முனைகளில் மீற்றரை வைத்தால் பூச்சியம் அல்லது மிகக் குறைந்த அளவே காட்டும். மின்சாரம் திரும்பி வந்தாலும், பற்றரி இருப்பதையே உணராத சார்ஜர் ஏற்றத் தொடங்காது. பற்றரி செத்துவிட்டதென்று வீட்டார் நினைப்பது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் அது உறங்குகிறது. லித்தியத்துக்கான சார்ஜர் ஒன்றால் எழுப்பலாம். இன்வேட்டரின் துண்டிப்பை 12 வோல்ற்றுக்கு உயர்த்தினால் இந்த நிலையே வராது.

கிணற்றுப் பம்பையும் மறக்கவேண்டாம். அரைக் குதிரைவலுப் பம்ப் ஓடும்போது 500 வாற் அளவில் எடுத்தாலும், தொடங்கும் கணத்தில் அதைப்போல மூன்று நான்கு மடங்கை இழுக்கும். பாதுகாப்புச் சுற்று 50 அம்பியருக்கு உரியதென்றால், தொடர்ந்து தரக்கூடியது 640 வாற் மட்டுமே. 100 அம்பியர் என்றாலும் 1,280 வாற்தான். பற்றரி நிறைந்திருந்தும் பம்பைப் போட்டவுடன் வீடே இருண்டால் காரணம் இதுதான். பம்பை இன்வேட்டர் இணைப்பிலிருந்து பிரித்துவிடுவது நல்லது.

"இன்னும் கொஞ்சக் காலம் உழைக்கும்" என்று பழைய ஈய பற்றரியைப் புதியதோடு பக்கவாட்டில் இணைப்பவர்களும் உண்டு. நிறைந்த ஈய பற்றரி 12.7 வோல்ற்றில் ஓய்வெடுக்கும், லித்தியம் 13.3 வோல்ற்றில். புதியது எந்நேரமும் பழையதற்குள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஆகவே பணத்தைக் கொடுக்குமுன் உங்கள் இன்வேட்டரினதும் கொன்ரோலரினதும் மாதிரி இலக்கத்தைக் கடைக்குக் கொண்டுபோங்கள். உச்ச ஏற்றம் எத்தனை வோல்ற், துண்டிப்பு எத்தனை வோல்ற், பாதுகாப்புச் சுற்று தொடர்ந்து தாங்கும் அம்பியர் எத்தனை என்று மூன்று எண்களையும் எழுத்தில் கேளுங்கள். அவற்றைச் சொல்லமுடியாத கடையில் விலை குறைவாக இருந்தாலும் வாங்கவேண்டாம்.