‘முடியாது’ என்பதை முகம் வாடாமல் சொல்வது எப்படி?

கோவையில் பம்ப் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்று. டிசைன் இன்ஜினீயர் வேலைக்கு மூன்று சுற்று இன்டர்வியூ முடிந்து, மதுரைக்கார இளைஞர் ஒருவரைத் தேர்வு செய்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருட அனுபவம். இப்போது வாங்குவது ஆண்டுக்கு 6.2 லட்சம். நிறுவனம் தருவதாகச் சொன்னது 7.8 லட்சம். மறுநாள் காலை ஹெச்.ஆர். மேனேஜருக்கு அவரிடமிருந்து மெயில் வருகிறது. “9 லட்சம் என்றால் உடனே சேர்ந்துவிடுகிறேன், மேடம்.”

இந்த மாதிரி மெயிலுக்குப் பல ஆபீஸ்களில் போகும் பதில், “சாரி, கம்பெனி பாலிசி” என்ற ஒற்றை வரிதான். இல்லையென்றால் “பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்று பத்து நாள் இழுத்தடிப்பார்கள். முதலாவது பதில் மனதைக் காயப்படுத்தும். இரண்டாவது பதில் ஆளையே இழக்க வைக்கும். ஆனால், நம் மேனேஜரம்மா பதில் எழுதும் முன்பு ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டார்.

ஒருவருக்குக் கொடுத்தால் ஒருவரோடு நிற்காது

அந்த வேலைக்கு நிறுவனம் வகுத்திருக்கும் சம்பள எல்லை 6.5 லட்சம் முதல் 8.5 லட்சம் வரை. மேல் எல்லை எட்டு வருட அனுபவம் உள்ளவர்களுக்கானது. ஐந்தாறு வருட அனுபவத்தோடு ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கும் மூன்று பேர் 7.6, 7.8, 7.9 லட்சம் வாங்குகிறார்கள்.

புதியவருக்கு 9 லட்சம் கொடுத்தால் கூடுதல் செலவு 1.2 லட்சம்தானே என்று தோன்றும். ஆனால், சம்பள ரகசியம் எந்த ஆபீஸிலும் ரொம்ப நாள் தங்காது. பக்கத்து சீட்காரர்கள் மூவரையும் 9 லட்சத்துக்குக் கொண்டுவர இன்னும் 3.7 லட்சம் வேண்டும். ஆக, ஒரு ‘சரி’க்கு ஆண்டுதோறும் 4.9 லட்சம். இன்க்ரிமென்ட் சதவிகிதத்தில் போடப்படுவதால், இந்தத் தொகை வருடா வருடம் வளரும். மூவருக்கும் உயர்த்தாமல் விட்டால், அவர்களில் ஒருவராவது வேறு வேலை தேடத் தொடங்குவார்.

மாதச் சம்பளத்தை உயர்த்த முடியாது என்பதற்கு இதுதான் உண்மையான காரணம். அதே சமயம், ஒரே ஒரு முறை கொடுக்கும் பணத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அது அடுத்த வருட இன்க்ரிமென்ட்டில் சேராது. சக ஊழியர்களின் சம்பளத்தோடு ஒப்பிடவும் முடியாது. நிறுவனம் வளைந்து கொடுக்கும் இடம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. போனை எடுப்பதற்கு முன்பே முதலாளியிடம் பேசி, இதில் எவ்வளவு வரை போகலாம் என்று அவர் ஒப்புதல் வாங்கிக்கொண்டார்.

முதலில் பதில், பிறகு கேள்வி

மெயிலுக்கு மெயிலில் பதில் எழுதாமல், அன்று மாலையே போன் செய்தார்.

“வணக்கம் தம்பி, உங்க மெயில் பார்த்தேன். கேட்டதுல தப்பே இல்ல. ஆனா, 9 லட்சம் எங்களால கொடுக்க முடியாது. சம்பளம் 7.8-ல மாறாது. இதே அனுபவத்தோட இங்க இருக்கிறவங்க வாங்குறதும் அதையொட்டித்தான். உங்களுக்கு மட்டும் கூட்டினா அவங்களுக்கு நியாயமா இருக்காது. நாளைக்கு நீங்க அந்த இடத்துல இருந்தாலும் இதேதான் சொல்வேன்.”

‘முடியாது’ என்பது முதல் நிமிடத்திலேயே வந்துவிட்டது. ஐந்து நிமிடம் பாராட்டிவிட்டுக் கடைசியில் மறுப்பதைவிட இதுதான் மரியாதை. சக ஊழியர்களின் பெயரையோ, யார் எவ்வளவு வாங்குகிறார் என்பதையோ அவர் சொல்லவில்லை. அடுத்து ஒரு கேள்வி கேட்டார்.

“9 லட்சம்னு எப்படிக் கணக்குப் போட்டீங்க? சொல்லலாம்னா சொல்லுங்க.”

கொஞ்சம் தயங்கிவிட்டு இளைஞர் சொன்னார். “மேடம், எனக்கு நோட்டீஸ் பீரியட் 90 நாள். நீங்க 45 நாள்ல வரச் சொல்றீங்க. மீதி நாளுக்கு நான் பணம் கட்டணும், 72 ஆயிரம் கிட்ட வருது. வீட்டு அட்வான்ஸ், சாமான் ஏத்துற வண்டின்னு இன்னொரு 40 ஆயிரம்.”

கூட்டினால் 1.12 லட்சம். 7.8-க்கும் 9-க்கும் உள்ள இடைவெளிக்கு ஏறக்குறைய அதே தொகை! அவருடைய தேவை ஒரே ஒரு முறை வருவது. அதை அவர் ஒவ்வொரு வருடமும் வரும் சம்பளமாகக் கேட்டிருக்கிறார். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் இரண்டு பக்கமும் நஷ்டப்பட்டிருக்கும்.

கொடுக்கக்கூடியது என்ன?

மேனேஜரம்மா இரண்டு வழிகளைச் சொன்னார். நோட்டீஸுக்காகக் கட்டும் பணத்தை, ரசீது காட்டினால் 75 ஆயிரம் வரை நிறுவனம் திருப்பிக் கொடுக்கும். இடமாற்றச் செலவுக்கு ஜாயினிங் போனஸாக 40 ஆயிரம், முதல் மாதச் சம்பளத்தோடு வரும். அது வேண்டாமென்றால், 90 நாளும் முடித்துவிட்டு நிதானமாக வந்து சேரலாம். அப்போது ஜாயினிங் போனஸ் மட்டும் கிடைக்கும்.

கூடவே, கசப்பான விஷயங்களையும் அப்போதே சொல்லிவிட்டார். இரண்டு தொகையும் வரிக்குரிய வருமானத்தில் சேரும். ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும். இவற்றைச் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டால், ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்றுதான் தோன்றும்.

ஆறு மாதத்தில் சம்பளத்தை மறுபடியும் பார்ப்பார்களா என்று இளைஞர் கேட்டார். பல இடங்களில் ஆளைப் பிடிப்பதற்காக வாயளவில் “கண்டிப்பா” என்று சொல்லிவிடுவார்கள். இங்கே வந்த பதில் வேறு. “அப்படி ஒரு பழக்கம் இங்க இல்ல. ஏப்ரல்ல எல்லோருக்கும் பார்க்கும்போது உங்களுக்கும் பார்ப்போம். இவ்வளவு ஏறும்னு இப்ப சொல்ல முடியாது.”

செய்யக் கூடாத ஒரு வித்தை

சில நிறுவனங்கள் சம்பளத்தை உயர்த்தாமலேயே சி.டி.சி. எண்ணை மட்டும் பெரிதாக்கிக் காட்டும். கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் பிரீமியம், இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் ஊக்கத்தொகை எல்லாவற்றையும் கூட்டி ‘8.8 லட்சம்’ என்று எழுதும். மாதம் கையில் வருவது பழைய 7.8-க்கு உரியதுதான். கிராஜுவிட்டியோ, நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து வருடம் முடிந்தால்தான் கிடைக்கும். முதல் மாத சம்பளச் சீட்டைப் பார்த்ததும் உண்மை தெரிந்துவிடும். வேலை தேடுபவர்களும் ஆஃபர் வந்தால் ஆண்டுத் தொகையோடு நிறுத்தாமல், “பிடித்தம் போக மாதம் எவ்வளவு கைக்கு வரும்?” என்று கேட்பது நல்லது.

இன்னொரு தவறு, ‘இதுதான் கடைசி’ என்று சொல்லிவிட்டு, அவர் மறுத்ததும் 50 ஆயிரம் கூட்டுவது. முதலில் சொன்னது பொய் என்று நாமே நிரூபிப்பதாகிவிடும். பிறகு ஒவ்வொரு இன்க்ரிமென்ட்டின்போதும் அவர் சண்டை போட்டுத்தான் கேட்பார்.

பேசியதையெல்லாம் அன்றிரவே மேனேஜரம்மா மெயிலில் எழுதி அனுப்பினார். தொகைகள், வரி, ஒரு வருட நிபந்தனை எல்லாம் ஆஃபர் லெட்டரிலும் வரும் என்று குறிப்பிட்டார். கடைசி வரி இப்படி இருந்தது: “வெள்ளிக்கிழமை மாலை வரை இந்த இடம் உங்களுக்காகக் காத்திருக்கும். வேறு இடம் நல்லதாகப் பட்டால் தாராளமாகச் சொல்லுங்கள், வருத்தமில்லை.”

வியாழக்கிழமை பதில் வந்தது. 90 நாள் நோட்டீஸை முழுதாக முடித்துவிட்டு வருவதாக எழுதியிருந்தார் அந்த இளைஞர். பழைய கம்பெனியில் கையில் இருக்கும் வேலையைப் பாதியில் விட்டுவர மனமில்லையாம்.