நாளைக் குறித்துக் கொள்ளுங்கள், மாமு!



ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழும் என் தங்கை மகளுக்கும் இராசபாளையத்து மாப்பிள்ளைக்கும் 10.1.2027 ஞாயிறன்று, இன்ஷா அல்லாஹ், நிக்காஹ். உறவினரோ ரியாத், துபாய், கோலாலம்பூர், அமெரிக்கா எனச் சிதறிக் கிடக்கிறார்கள். அழைப்பிதழ் அச்சேறுமுன் நாளை மட்டும் அறிவிக்கும் நகைச்சுவை வீடியோ ஒன்றை இருவரும் எடுக்க விரும்பினர். எழுதிய வசனத்தை, "மாமு, பிழை பார்த்துத் தாருங்கள்" என்று என்னிடம் அனுப்பினாள் மருமகள்.

முதற்காட்சியிலேயே மணமக்கள் இருவரும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்தனர். "நிக்காஹ் ஆகுமுன் இருவரும் சேர்ந்து நிற்பதா?" என்றார் அவளுடைய நன்னி. அவர் சொன்னது சரியே. அந்தத் தடையே நகைச்சுவைக்கு வழி திறந்தது. மாப்பிள்ளை தம் வீட்டில் அத்தாவுடன் நிற்பார். பெண்ணின் குரல் மட்டும் அவள் வீட்டிலிருந்து ஒலிக்கும் என்று மாற்றினோம்.

மாப்பிள்ளை: எங்கள் ஊர் வேட்டை நாய்க்குப் பெயர் பெற்றது. அஞ்ச வேண்டாம், விருந்தினரை அது குரைக்காது. தாமதமாக வரும் மாப்பிள்ளையைத்தான் குரைக்கும்.

பெண்ணின் குரல்: எங்கள் ஊர் பால்கோவாவுக்குப் பெயர் பெற்றது. அது செல்பேசி வழியே வாராது. நேரில் வருவோர்க்கே பங்கு.

மாப்பிள்ளை: இரு ஊருக்கும் இடையே 12 கிலோமீட்டர்தான். அதைக் கடக்க எனக்கு நிக்காஹ் வேண்டும். உங்களுக்கு லீவு வேண்டும். ஆகவே இன்றே கேளுங்கள்!

அடுத்து நாளைச் சொல்லும் இடம். "ஷஅபான் பிறை 1" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். முந்தைய மாலை பிறை தென்பட்டால்தானே அது உறுதியாகும்? சவூதியில் ஒரு நாள் முன்னதாகவே மாதம் பிறந்துவிட்டால் ரியாத் மாமு சனிக்கிழமையே வாழ்த்துச் சொல்லிவிடுவார். "10.1.2027" என்று எண்ணால் மட்டும் எழுதினாலும் தொல்லைதான். அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவர். அங்குள்ள மச்சான் அதை அக்டோபர் முதல் நாள் என்று படித்துப் பெருநிம்மதியுடன் உறங்கிவிடுவார். ஆகவே, "2027 ஜனவரி 10, ஞாயிற்றுக்கிழமை" என்று வாயாலும் சொல்லி, எழுத்தாலும் காட்டச் செய்தோம்.

நிக்காஹ் காலை 11 மணிக்கு. அப்பொழுது கோலாலம்பூரில் பகல் 1.30, துபாயில் காலை 9.30, ரியாத்தில் 8.30. நியூயார்க்கிலோ சனி இரவு கழிந்து 12.30! இதையும் சிரிப்பாக்கினாள் மருமகள்: "ரியாத் மாமு பசியாறிக்கொண்டே துஆச் செய்யலாம், கோலாலம்பூர் குப்பி பகலுணவு உண்டபடி பார்க்கலாம், அமெரிக்க மச்சான் மட்டும் கனவில் வாழ்த்தலாம்." இந்த ஒரு வரியிலேயே அவரவர் நேரம் அவரவர்க்கு விளங்கிவிட்டது.

சென்னை உறவினரையும் மறக்கவில்லை. செங்கோட்டை செல்லும் பொதிகை விரைவு வண்டி இரண்டு ஊர்களிலும் நிற்கும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஜனவரி 8 மாலை புறப்படுவோர்க்கு அது நவம்பர் 9 காலை. "அன்று சுப்ஹு தொழுதபின் உறங்காதீர்கள்" என்பது மாப்பிள்ளையின் வசனம்.

ஒரே ஒரு வரியை மட்டும் நான் அடித்தேன். "ரியாத் மாமு இரண்டு பெட்டி நிறையக் கொண்டு வருவார்" என்றிருந்தது. மாமுவுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் விடுப்பு. சென்ற ஆண்டுதான் வந்து போனார். இந்த முறை வர இயலுமோ, இயலாதோ! வர இயலாதவர் அதைக் கேட்டால், பெட்டிக்காகத்தான் தம்மை அழைக்கிறார்கள் என்று எண்ணிப் புண்படுவார். சொந்தங்களைச் சிரிக்க வைக்க எழுதியது, ஒருவரைத் தனியறையில் அழ வைக்கலாமா?

மருமகள் சற்று நேரம் மௌனமாயிருந்தாள். பிறகு அவ்விடத்தில் வேறொன்று எழுதினாள்: "மாமு, வர முடிந்தால் வெறுங்கையோடு வாருங்கள். பெட்டி கனத்தால் பால்கோவாவுக்கு இடமிராது. வர முடியாவிட்டால் உங்கள் பங்கு அத்தாவிடம் இருக்கும். அவர் தின்றுவிடாமல் நான் காவல்."

ஒன்றரை நிமிட வீடியோ அது. அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியே பேசுவதற்குத் தடையுண்டு. பதிவு செய்த படத்துக்குத் தடையில்லை. ஆகவே எல்லார்க்கும் ஒரே இரவில் போய்ச் சேர்ந்தது. மறுநாள் ரியாத்திலிருந்து குரற்செய்தி வந்தது. மாமு சிரித்துக்கொண்டே சொன்னார்: "லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்காவிட்டால், அத்தாவை நம்பாதே. பால்கோவாவை நன்னியிடம் கொடுத்து வை."