வாணிபப் பக்கம்: ஏட்டுச் சரக்கும் கடைச் சரக்கும்

மார்ச்சு மாதம் 31ஆம் நாள் இரவு, நம்மவர் நடத்தும் கடைகளில் விளக்கு நெடுநேரம் எரிவது வழக்கம். மறுநாள் புதுக்கணக்கு. அன்றிரவு கடையிலுள்ள சரக்கை எண்ணியும் நிறுத்தும் எழுதி, ஏட்டிலுள்ள இருப்போடு ஒத்துப் பார்க்கவேண்டும். இரண்டும் அப்படியே ஒத்துப்போவது அரிது. சரக்கு குறைந்திருப்பின் கடை முதலாளியின் கண் உடனே கடைப்பையன் மீது செல்கிறது. ஊரிலிருந்து நம்பி அழைத்து வந்த பையனைத் திருடன் என்று சொல்லுமுன், குறைவு எவ்வழியில் வந்தது என்று ஏட்டைக் கேட்கும் முறை ஒன்று உண்டு. அதனையே இம்மாதம் எழுத எண்ணுகிறோம்.

எடுத்துக்காட்டாக, மும்பை மாதுங்காவில் மளிகையும் காப்பித்தூளும் விற்கும் கடை ஒன்றை மனத்தில் கொள்வோம். பச்சைக் காப்பிக்கொட்டையை வாங்கி, தானே வறுத்து அரைத்து விற்கும் கடை. சிக்கரி கலப்பதில்லை என்றும், கீழே வரும் விலைகள் கணக்கின் எளிமைக்காக வைத்தவை என்றும் கொள்க.

எண்ணுவதற்கு முன்

எண்ணும் வேளையில் சரக்கு உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது. கடைசியாகப் போட்ட விற்பனை பில்லின் எண்ணையும், கடைசியாக வந்திறங்கிய கொள்முதல் பில்லின் எண்ணையும் முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். விலை பெற்றுக்கொண்டு, வாடிக்கையாளர் நாளை எடுத்துச் செல்வதாகச் சொல்லி வைத்துவிட்டுப் போன மூட்டை கடைக்குள் இருந்தாலும் நம் சரக்கு அன்று. அதனைத் தனியே ஒதுக்கிவிடவேண்டும். சரக்கு வந்துவிட்டது, பில் இன்னும் வரவில்லை என்றால், அச்சரக்கை எண்ணவும் வேண்டும், அதன் விலையைக் கொள்முதலில் சேர்க்கவும் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டால் இல்லாத லாபமோ இல்லாத நஷ்டமோ கணக்கில் தோன்றும்.

எண்ணுவோர் இருவராக இருத்தல் நன்று; ஒருவர் எண்ண, மற்றவர் எழுத வேண்டும். அவர்கள் கையிலுள்ள தாளில் சரக்கின் பெயரும் அது இருக்கும் இடமும் மட்டுமே இருக்கவேண்டும். ஏட்டிலுள்ள தொகை இருக்கலாகாது. 186 என்று எழுதியிருப்பதைக் கண்டவர் 186 வரும்வரை எண்ணுவார், வந்தவுடன் நிறுத்திவிடுவார். பிரித்த மூட்டைகளைக் கண்ணால் மதிப்பிடாமல் நிறுக்கவேண்டும். சாக்கின் எடையையும் டின்னின் எடையையும் கழிக்கவேண்டும்.

காப்பிக்கொட்டையின் கதை

நம் கடையில் ஆண்டுத் தொடக்கத்தில் பச்சைக்கொட்டை 60 கிலோ இருந்தது, தூள் இல்லை. ஆண்டு முழுதும் 1,200 கிலோ கொட்டை வாங்கப்பட்டது. ஆக 1,260 கிலோ. விற்ற தூள் 950 கிலோ. கணக்குப்பிள்ளை 1,260இலிருந்து 950ஐக் கழித்து, இருப்பு 310 கிலோ என்று ஏட்டில் எழுதிவிட்டார். எண்ணிப் பார்த்தால் கொட்டை 90 கிலோவும் தூள் 10 கிலோவும், ஆக 100 கிலோ மட்டுமே உள்ளது. 210 கிலோவைக் காணோம்! கிலோ 500 ரூபாய் வீதம் 1,05,000 ரூபாய்.

இங்கே திருட்டு என்ற சொல்லை எடுக்குமுன் அடுப்பைப் பார்க்கவேண்டும். பச்சைக்கொட்டையில் ஈரம் உண்டு. வறுக்கும்போது ஈரம் ஆவியாகிறது, மேல்தோலும் உதிர்கிறது. கருக வறுத்தால் எடை இன்னும் குறையும். ஆகவே கொட்டையின் எடையும் தூளின் எடையும் ஒன்றாக இருக்கவே முடியாது. எவ்வளவு குறையும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. 10 கிலோ கொட்டையை நிறுத்து, வழக்கம்போல் வறுத்து அரைத்து, மீண்டும் நிறுத்தால் தெரிந்துபோகும். நம் கடையில் 8.3 கிலோ தூள் கிடைத்தது.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுவோம். 1,260 கிலோவில் 90 கிலோ மீதி; எனவே வறுத்தது 1,170 கிலோ. அதிலிருந்து வரவேண்டிய தூள் 971.1 கிலோ. விற்றதும் மீதியுமாகக் கணக்கில் உள்ளது 960 கிலோ. உண்மையான குறைவு 11.1 கிலோ மட்டுமே. காணாமற்போன 210 கிலோவில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போயிற்று என்பது வெளிப்படை.

எஞ்சிய 11.1 கிலோவையும் விட்டுவிடலாகாது. விற்ற தூள் எல்லாம் கால்கிலோப் பொட்டலங்கள். கட்டி வைத்திருந்த 10 பொட்டலங்களைப் பையின் எடை நீக்கி நிறுத்ததில் 2,500 கிராமுக்குப் பதில் 2,520 கிராம் இருந்தது; அதாவது பொட்டலத்துக்கு 2 கிராம் மிகுதி. 950 கிலோவுக்கு 3,800 பொட்டலங்கள்; அவற்றில் 7.6 கிலோ இனாமாகப் போயிருக்கிறது. மீதி மூன்றரைக் கிலோ, ஆண்டு முழுதும் அரைவை இயந்திரத்தில் ஒட்டியதும் தரையில் சிந்தியதும் என்று கொள்ள இடமுண்டு. கடைப்பையன் கறையின்றி நிற்கிறான். திருத்த வேண்டியது தராசு.

இத்தகைய குறைவு தொழிலோடு பிறந்தது. இதனைத் தனி நஷ்டமாக எழுதுவதில்லை. தூளின் அடக்கவிலையை 500 ரூபாய் என்று வையாமல், 500ஐ 0.83ஆல் வகுத்து ஏறத்தாழ 602 ரூபாய் என்று வைக்கவேண்டும். இதனை அறியாது விலை குறித்த கடைக்காரர், ஒவ்வொரு கிலோவிலும் நூறு ரூபாய் லாபம் வந்ததாகக் கனவு கண்டிருப்பார்.

நல்லெண்ணெய்ப் புட்டிகள்

இனி, ஒரு லிட்டர் நல்லெண்ணெய்ப் புட்டிகள். ஏட்டில் 186, எண்ணியது 155. குறைவு 31. அட்டைப்பெட்டி ஒன்றுக்கு 12 புட்டிகள். இங்கே ஒரு குறிப்பு: குறைவு பெட்டிக் கணக்கில் அமைந்தாலும், அதில் முழுப்பெட்டிகள் அடங்கியிருந்தாலும், முதலில் காகிதங்களைத் தேடவேண்டும். 31 என்பது இரண்டு பெட்டியும் ஏழு புட்டியும்.

தேடியதில் ஒரு கொள்முதல் பில்லில் 10 பெட்டி என்றிருக்க, வண்டிக்காரரிடம் கையெழுத்திட்ட சீட்டில் 9 பெட்டி என்றிருந்தது. அந்த 12 புட்டிகள் கடைக்கு வரவேயில்லை. இது நஷ்டமன்று; விற்றவரிடமிருந்து வரவுச்சீட்டுப் பெறவேண்டிய தொகை. மற்றொரு பெட்டி ஒரு திருமணத்துக்குச் சீட்டின் பேரில் அனுப்பப்பட்டு, பில் போட மறந்துபோயிருந்தது. இதுவும் நஷ்டமன்று, வசூலிக்க வேண்டிய கடன். இரண்டையும் நீக்க, எஞ்சியவை 7 புட்டிகள். உடைந்த புட்டி எதுவும் இல்லை. எழுதாத விற்பனையும் இல்லை. இவையே காணாமற்போனவை.

புட்டி ஒன்றின் அடக்கவிலை வரி நீங்கலாக 350 ரூபாய் எனில் 7க்கு 2,450 ரூபாய். கதை இத்துடன் முடிவதில்லை. சமையல் எண்ணெய்க்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. வாங்கியபோது கட்டிய வரியை வரவாக எடுத்துக்கொண்ட வணிகர், சரக்கு களவுபோனாலும் அழிந்தாலும் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டாலும், அவ்வரவைத் திருப்பிவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, 5ஆம் உட்பிரிவு கூறுகிறது. ஆகவே 122 ரூபாய் 50 காசையும் வரி அறிக்கையில் திருப்பவேண்டும். மொத்த நஷ்டம் 2,572 ரூபாய் 50 காசு. தொகுப்பு வரி முறையில் உள்ள சிறு வணிகர் இவ்வரவை எடுப்பதேயில்லை. அவருக்கு இக்கவலை இல்லை.

பேரேட்டில், சரக்குக் குறைவு நஷ்டக் கணக்கில் 2,572.50 பற்று, சரக்கிருப்புக் கணக்கில் 2,450 வரவு, உள்ளீட்டு வரிக் கணக்கில் 122.50 வரவு. சரக்கிருப்பை நாள்தோறும் ஏட்டில் நடத்தாத கடைகளில், சரக்கிருப்புக் கணக்குக்குப் பதில் கொள்முதல் கணக்கில் 2,450ஐ வரவு வைக்கவேண்டும். ஏனெனில் அங்கே எண்ணிக் கண்ட இருப்பே இறுதியிருப்பாக வருவதால், காணாமற்போன புட்டிகளின் விலை முன்னமே விற்ற சரக்கின் விலையோடு கலந்துவிட்டிருக்கும். கொள்முதலிலிருந்து எடுக்காமல் நஷ்டத்தையும் தனியே எழுதினால், ஒரே புட்டி இருமுறை களவுபோனதாகும்.

நொறுங்கிய அப்பளம்

சேதமடைந்த சரக்கு வேறு வகை. 60 கட்டு அப்பளம் மூட்டைக்கடியில் நொறுங்கிக் கிடக்கின்றது. அடக்கவிலை கட்டுக்கு 40 ரூபாய். இப்போது 15 ரூபாய்க்குத்தான் போகும். அடக்கவிலை, விற்றால் கிடைக்கும் விலை இவ்விரண்டில் குறைந்ததே இருப்பின் மதிப்பு. எனவே 2,400 ரூபாய் 900 ஆகிறது. 1,500 ரூபாய் இவ்வாண்டின் நஷ்டம். எண்ணிக்கை குறையவில்லை, மதிப்பு மட்டுமே குறைந்தது. குறைந்த விலைக்கேனும் விற்கப்படும் சரக்கு அழிந்த சரக்கன்று. வரி செலுத்தி வாங்கிய சரக்காக இருந்தாலும் அதற்காக வரி வரவைத் திருப்ப வேண்டுவதில்லை. குப்பையில் கொட்டினால் திருப்பவேண்டும்.

திருட்டென்றே தெரிந்தால்

பூட்டை உடைத்துத் திருடியிருந்தால் உடனே காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் அறிவிக்கவேண்டும். ஆனால் சரக்கெடுப்பில் மட்டும் தெரியவரும் காரணந்தெரியாக் குறைவைத் திருட்டுக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே நம் ஏழு புட்டிகளுக்கு ஈடு வருமென்று எதிர்பார்த்து வரவெழுதுதல் கூடாது.

சம்பளத்தில் பிடிப்பதும் அத்துணை எளிதன்று. குறிப்பிட்ட சரக்கு ஒருவர் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டு, அவர் கவனக்குறைவாலோ குற்றத்தாலோ அது நேரடியாகக் குறைந்திருந்தால்தான் பிடிக்கலாம். அதற்குமுன் அவர் சொல்வதைக் கேட்கவும் வேண்டும் என்பது சட்டம். எல்லோரும் எடுத்துக் கொடுக்கும் அலமாரியில் குறைந்த ஏழு புட்டிகளை ஒரு பையன் தலையில் கட்ட இயலாது.

நம் கடையில் முதலில் தோன்றிய குறைவு காப்பியில் 1,05,000, எண்ணெயில் 10,850, ஆக 1,15,850 ரூபாய். ஆராய்ந்தபின் காணாமற்போனதாக எழுதியது 2,572 ரூபாய் 50 காசு. எண்ணிய தாள்களில் எண்ணியோர் கையெழுத்தும் நாளும் இருக்கட்டும். ஒவ்வொரு குறைவின் எதிரிலும் காரணத்தை ஒரு வரியில் எழுதி, கணக்கேட்டோடு கட்டி வையுங்கள். வரி அதிகாரி கேட்டாலும் அதுவே விடை. எண்ணெய்ப் புட்டிகளை மட்டும் இனி மாதந்தோறும் எண்ணுங்கள். ஏழு புட்டி எந்த மாதத்தில் குறைகிறது என்று தெரிந்தால், எப்படிக் குறைகிறது என்பதும் விரைவில் தெரிந்துவிடும்.