நீக்குவதற்கு முன் இணைக்க வேண்டும்

முப்பது பேர் எழுதிய கட்டுரைகளை ஒரே வேர்ட் கோப்பாக்கித் தொகுக்கும் ஒரு கருத்தரங்க ஆய்வுக்கோவையை எடுத்துக்கொள்வோம். முதல் பத்துக் கட்டுரைகள் வரை கோப்பு ஒழுங்காக நடக்கும். அதன் பிறகு திறக்கவே நேரம் பிடிக்கும். ஸ்டைல் பட்டியலைச் சொடுக்கினால் திரை சற்று உறையும். `Normal` எழுத்தின் அளவை மாற்றினால் சில பக்கங்கள் மட்டும் மாறும், மற்றவை அசையாது. பொருளடக்கத்தில் நான்கு தலைப்புகள் காணாமல் போயிருக்கும். ஸ்டைல் பட்டியலைத் திறந்தால் நூற்றுக்கணக்கான பெயர்கள் நிற்கும். இதைப் பார்த்தவுடன் பெரும்பாலோர் பயன்படாத ஸ்டைல்களை நீக்க இறங்குகிறார்கள். அது வேலையின் கடைசிப் படி. கோப்பின் விநோத நடத்தைக்குப் பெரும்பாலும் காரணம் பயன்படாத ஸ்டைல்கள் அல்ல. ஒரே வேலையைப் பல பெயர்களில் செய்துகொண்டிருக்கும், பயன்பாட்டில் உள்ள ஸ்டைல்கள்தான். அவற்றை இணைக்காமல் மற்றவற்றை நீக்கினால் பட்டியல் சுருங்கும், நோய் அப்படியே இருக்கும்.

இவ்வளவு ஸ்டைல்கள் எங்கிருந்து வருகின்றன? ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு வடிவமைப்போடு ஒட்டும்போது வேர்ட் ஸ்டைலின் பெயரைப் பார்க்கிறது. அதே பெயர் நம் கோப்பில் ஏற்கெனவே இருந்தால், இயல்பான அமைப்பில் நம்முடைய வரையறையே வெல்லும். கட்டுரையாளரின் பத்தி நம் தோற்றத்துக்கு மாறிவிடும். அந்தப் பெயர் நம்மிடம் இல்லையென்றால் பத்தியோடு ஸ்டைலும் குடியேறும். பின்னர் அந்தப் பத்தியையே அழித்தாலும் ஸ்டைல் போகாது. பெயர்களே வந்த வழியைச் சொல்லிவிடும். `apple-converted-space` என்றால் வலைப்பக்கத்திலிருந்து ஒட்டியது. `xmsonormal` என்றால் மின்னஞ்சல் வழியாக வந்தது. `Body text (2)`, `Heading #1` போன்றவை அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக்கிய மென்பொருளின் கைவேலை. `Body Text Char Char` என்று வால் நீண்டிருந்தால், அது வேர்ட் 2002, 2003 காலத்துக் கோப்புகளில் பத்தி ஸ்டைலைப் பத்தியின் ஒரு பகுதிக்கு மட்டும் போட்டதால் பிறந்தது.

இவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தெளியும். எந்த வரியிலும் இல்லாத ஸ்டைல்கள் செய்யும் கெடுதல் பட்டியலை நீட்டுவதும், கோப்பைத் திறக்கும்போது படிக்கவேண்டிய சுமையைக் கூட்டுவதும்தான். அந்தச் சுமையைக் கண்ணாலேயே பார்க்கலாம். கோப்பின் நகலொன்றை எடுத்து `.docx` என்ற முடிவை `.zip` என்று மாற்றித் திறந்தால், `word` உறைக்குள் `styles.xml` இருக்கும். புதிய வெற்றுக் கோப்பின் `styles.xml` அளவோடு அதை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். பயன்பாட்டில் உள்ள இரட்டைகளின் கதை வேறு. ஒரு கட்டுரையாளர் `Thalaippu` என்று தாமே ஒரு ஸ்டைல் உருவாக்கித் தலைப்புகளுக்குப் போட்டிருப்பார். கண்ணுக்கு அது `Heading 1` போலவே இருக்கும். ஆனால் பொருளடக்கம் வழக்கமாக `Heading 1` முதல் `Heading 3` வரையுள்ள தலைப்புகளையும் அவுட்லைன் நிலை தரப்பட்ட பத்திகளையும்தான் தேடுகிறது. அந்த நிலை தரப்படாத `Thalaippu` அதன் கண்ணில் படாது. `Normal`-ஐ அடிப்படையாகக் கொண்ட ஸ்டைல்கள், அளவைத் தாமாக வரையறுக்காதவரை, அதன் மாற்றத்தைப் பின்தொடரும்; அடிப்படையே இல்லாமல் உருவாக்கியவை பின்தொடரா. சில பக்கங்கள் மட்டும் மாறியதன் மர்மம் இதுதான்.

ஆகவே முதல் வேலை இணைப்பது. நூலுக்கு உண்மையில் தேவைப்படுபவை எட்டோ பத்தோ ஸ்டைல்கள்: தலைப்பு, உட்தலைப்பு, உடல் பத்தி, மேற்கோள், பாடல், அடிக்குறிப்பு, படவிளக்கம், நூற்பட்டியல். ஒரு தாளில் இடப்பக்கம் வந்த பெயர்களையும் வலப்பக்கம் அவை சேரவேண்டிய பெயர்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு `Ctrl+H` அழுத்தி, தேடும் கட்டத்தையும் மாற்றும் கட்டத்தையும் வெறுமையாக விட்டு, `More`, `Format`, `Style` வழியே மேலே `Thalaippu`, கீழே `Heading 1` என்று தேர்ந்து அனைத்தையும் மாற்றலாம். இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். பத்தியின் பெரும்பகுதி கையால் சாய்வாக்கப்பட்டிருந்தால், புதிய பத்தி ஸ்டைல் போடும்போது அந்தச் சாய்வை வேர்ட் அகற்றிவிடக்கூடும். ஓரிரு சொற்களின் சாய்வு தங்கும், முழுப் பாடலின் சாய்வு போய்விடும். எனவே பாடல்களையும் நீண்ட மேற்கோள்களையும் முதலில் அவற்றுக்குரிய ஸ்டைலுக்கு மாற்றிவிட்டு, உடல் பத்திகளைக் கடைசியில் தொடவேண்டும்.

இணைத்து முடித்த பிறகே நீக்கம். `Manage Styles` உள்ளே `Import/Export` திறந்தால் பல ஸ்டைல்களை ஒன்றாகத் தேர்ந்து அழிக்கலாம். வேர்டோடு பிறந்தவற்றை அழிக்க முடியாது, அழிக்கத் தேவையும் இல்லை. "ஒரு மேக்ரோ ஓட்டினால் நொடியில் முடியுமே, தாளும் பட்டியலும் எதற்கு?" என்று கேட்கலாம். மேக்ரோ ஓட்டுவதில் தவறில்லை; அது எதை நம்புகிறது என்பதே கேள்வி. வேர்டின் `InUse` என்ற பண்பு, பெயர் தோற்றுவிக்கும் எண்ணத்துக்கு மாறாக, ஸ்டைல் ஏதேனும் வரியில் இருக்கிறது என்று உறுதி சொல்வதில்லை. உடல் உரையில் மட்டும் தேடும் மேக்ரோ, அடிக்குறிப்பிலும் பக்கத் தலைப்பிலும் உரைப்பெட்டியிலும் உள்ளதைக் காணாது. எந்த வரியிலும் இல்லாத ஒரு ஸ்டைல் மற்ற ஐந்துக்கு அடிப்படையாக இருக்கலாம். அதை அழித்தால் அந்த ஐந்தின் தோற்றமும் மாறக்கூடும். பயன்பாட்டில் உள்ள பத்தி ஸ்டைலை அழித்தால் வேர்ட் நம்மைத் தடுப்பதில்லை, பத்தியை `Normal`-க்குத் தள்ளிவிடும்.

தமிழ்க் கோப்புகளில் இந்தத் தள்ளல் எழுத்தையே குலைக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கட்டுரையில் "அம்மா" என்ற சொல் கோப்புக்குள் `mk;kh` என்றுதான் இருக்கிறது. அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டுமே. அந்த எழுத்துரு ஸ்டைலின் வழியாக வந்திருந்தால், ஸ்டைலை நீக்கிய நொடியில் பக்கம் ஆங்கில எழுத்துக் குவியலாகும். மீண்டும் பாமினியைப் போட்டால் தமிழ் திரும்பும். ஆனால் இடையில் உள்ள மெய்யான ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துக் குப்பையாகும். ஆகவே அத்தகைய கட்டுரையை முதலில் யூனிகோடுக்கு மாற்றி, பிறகுதான் ஸ்டைலில் கைவைக்க வேண்டும்.

"அச்சில் சரியாக வந்தால் போதாதா, உள்ளே எப்படி இருந்தால் என்ன?" என்ற மறுப்பு, ஒருமுறை மட்டும் அச்சிடும் நான்கு பக்கக் கோப்புக்குப் பொருந்தும். திருத்தமும் மறுபதிப்பும் காணவிருக்கும் தொகுப்பில் ஒவ்வொரு சுற்றிலும் அதே பிழை திரும்ப வரும். வேகத்தைப் பொறுத்தவரை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பெரிய படங்களாலோ, ஏற்கப்படாத ஆயிரம் திருத்தக் குறிகளாலோ தளரும் கோப்பை ஸ்டைல் துப்புரவு வேகப்படுத்தாது. நகலொன்றில் துப்புரவு செய்து, திறக்கும் நேரத்தை மூலக் கோப்போடு ஒப்பிட்டால் உண்மை விளங்கும். எல்லாவற்றையும் `Keep Text Only` என்று ஒட்டிவிடலாம் என்பதும் தீர்வல்ல. ஆய்வுக் கட்டுரைக்கு உயிரான அடிக்குறிப்புகளும் சாய்வெழுத்தும் அதில் போய்விடும். ஒவ்வொரு கட்டுரையையும் தொகுப்பில் சேர்ப்பதற்கு முன்பே, அதன் சொந்தக் கோப்பில் வைத்து, நூலின் ஸ்டைல்களுக்கு மாற்றிவிடுவதே சரியான வழி. அங்கே இணைக்கவேண்டியவை ஏழெட்டுப் பெயர்கள்தான் இருக்கும், எந்தப் பெயர் எதற்கு என்று கேட்கக் கட்டுரையாளரும் இருப்பார். முப்பதையும் ஒட்டியபின் அந்த இரண்டு வசதியும் கிடைக்காது.